கரைக்காத பாதிச் சாம்பல்

"படுங்க! ரோட்டுல நிக்காதீங்க!"

யாரோ கத்துகிறார். மகள் கவிதாவைச் சாலையோர வாய்க்காலுக்குள் தள்ளுகிறேன். மேலே விழுகிறேன். மேற்கே மறுபடியும் அந்தச் சத்தம். டும். பிறகு நீண்ட இரைச்சல். இடியில்லை. விமானமில்லை. நின்றிருந்த இருவர் செத்துச் சாய்கிறார்கள். உடம்பில் காயமே இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். எங்கள் ஊரான மஸ்ஜித் தானாவிலிருந்து தஞ்சோங் கிளிங் கடற்கரைக்கு நடக்கிறோம். என் கையில் பிஸ்கட் டின். உள்ளே, இதே சத்தத்தில் செத்துப்போன என் கணவர் ராமுவின் சாம்பல்.

எதனால் இப்படி ஆனது என்று என்னைக் கேட்காதீர்கள். தெரியாது. அன்று தெரியாது, இன்றும் தெரியாது.

கிளம்பும் முன் நாங்கள் ஒதுங்கியிருந்த கோயில் மண்டபத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஒருவர் விஷவாயு என்றார். இன்னொருவர் வானத்திலிருந்து வந்த கதிர் என்றார். கும்பாபிஷேகம் தள்ளிப்போனதால் அம்மன் கோபம் என்றார் ஓர் அக்கா. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒருவர்மேல் பழி விழுந்தது. அடிதடி ஆனது. அரிசி குறைந்தது. யாரும் அதைப் பேசவில்லை.

மண்டபத்தை நடத்தியவர் லெட்சுமணன் அங்கிள். "காரணம் தெரியாம வெளிய போனா சாவுதான் லா. ராமுவுக்குப் பதினாறு முடியட்டும். கருமாதி பண்ணாம ஊர விட்டுப் போவாங்களா?" எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கவிதா சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துக் கிடந்தாள். "அப்பா ஏம்மா செத்தாரு? அத சொல்லு, எந்திரிக்கிறேன்."

பயந்துபோய்விட்டேன். இவளும் போய்விடுவாள்.

"அப்பாவ கடல்ல கரைக்கணும். டின்ன பிடி."

எழுந்தாள். காரணம் சொன்னதால் எழவில்லை. போக ஓர் இடம் சொன்னதால் எழுந்தாள். வழியில் ஒரு சீனப் பாட்டிக்குத் தன் தண்ணீரைக் கொடுத்தாள். சாப்பிடாமல் கிடந்த மகள் பசிக்கிறது என்று சொன்னபோது எனக்கு அழுகை முட்டியது.

தஞ்சோங் கிளிங் கடற்கரை. படகுகள் இல்லை. அலை கறுத்துக் கிடக்கிறது. டின்னைத் திறக்கிறேன். பாதி கொட்டுகிறேன். கவிதா என் கையைப் பிடிக்கிறாள்.

"போதும்மா. எல்லாத்தையும் கரைச்சிட்டா நாளைக்கு நாம எதுக்கு நடக்கணும்?"

டின் மூடியை அழுத்தினேன்.

"சரி. பாச்சாங்ல சித்தி வீட்டுக்குப் போவோம். அங்க பக்கத்துல ஆறு இருக்குல்ல, அதுல கரைப்போம்."

பாச்சாங் போய்ச் சேர்ந்தோம். என் தங்கையின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஆற்றைப் பார்த்தோம். கரைக்கவில்லை. இன்னொரு ஊர்ப் பெயரைச் சொன்னேன். அதற்குப் பிறகு இன்னொன்று.

இழந்தவை. என் கணவர் ராமு. என் தங்கை, அவள் கணவர். லெட்சுமணன் அங்கிள், காத்திருந்து மண்டபத்திலேயே செத்துப்போன அனைவரும். வீடு. எங்கள் தெரு.

கவிதா இருக்கிறாள். அடுத்து எந்த ஊர் என்று காலையில் கேட்கிறாள். எனக்கு ஊர்ப் பெயர்கள் தீர்ந்துகொண்டு வருகின்றன.